1991 பத்திரத்தில் எழுதிய நிபந்தனை 2024-ல் வாங்கிய என்னைக் கட்டுப்படுத்துமா?

பொன்மலைக்காரர்
எல்லோருக்கும் வணக்கம். திருச்சிக்குப் பக்கத்தில் போன வருடம் 10 சென்ட் மனை வாங்கினேன். கிழமேல் 44 அடி, தென்வடல் 99 அடி. கீழே மெடிக்கல் ஷாப், மேலே வீடு என்று பிளான் போட்டு, கிழக்கு ஓரத்தில் வானம் தோண்ட ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. 1991 கிரயப் பத்திரத்தில் நிபந்தனை இருக்கிறதாம், நான் அதை மீறுகிறேனாம்.

அந்தப் பத்திரத்தின் நகலை இப்போதுதான் போட்டு வாங்கிப் படித்தேன். அப்போது 24 சென்ட் ஒரே ஆளிடம் இருந்திருக்கிறது. கிழக்கே வீட்டோடு 14 சென்ட்டை அவர் வைத்துக்கொண்டு, மேற்கே 10 சென்ட்டை விற்றிருக்கிறார். அதில் எழுதியிருப்பது இது:

"மேற்படி சொத்தின் கிழக்கு ஓரம் தென்வடலாக 10 அடி அகலத்துக்கு யாதொரு கட்டடமும் கட்டாமல், என் வசமுள்ள வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் வர இடைஞ்சலின்றிக் காலியாக விட்டுவர வேண்டியது."

இதுபோக இன்னும் மூன்று இருக்கிறது. குடியிருப்பு தவிர வியாபாரம் எதுவும் நடத்தக் கூடாது. விற்பதாக இருந்தால் அவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ மட்டும், 1991 கிரயத் தொகைக்கே விற்க வேண்டும். நடுவில் உள்ள சுவரை வாங்குபவர் தன் செலவில் பராமரிக்க வேண்டும்.

1991-ல் வாங்கியவர் 2006-ல் வேறொருவருக்கு விற்றார். அவரிடமிருந்து நான் வாங்கினேன். 2006 பத்திரத்திலும் என் பத்திரத்திலும் இந்த நிபந்தனைகள் ஒன்றுகூட இல்லை. கிழக்கு வீட்டையும் பழைய உரிமையாளரின் வாரிசுகள் 2017-ல் விற்றுவிட்டார்கள். நோட்டீஸ் விட்டவர் அந்த வீட்டை வாங்கியவர். நிபந்தனை போட்டவரும் இல்லை, ஒப்புக்கொண்டவரும் இல்லை. நான் கையெழுத்தே போடாத ஒன்று என்னை எப்படிக் கட்டுப்படுத்தும்?

பத்திரக்காரர்
சார், நான் பல வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். கவலையே வேண்டாம். முழு உரிமையோடு கிரயம் கொடுத்த பிறகு, அப்படி அனுபவி இப்படி அனுபவி என்று சொல்ல விற்றவருக்கு அதிகாரம் இல்லை. சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்புறம், வில்லங்கச் சான்றில் இந்த நிபந்தனை வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராதது வில்லங்கமே இல்லை. வேலையை நிறுத்தாதீர்கள்.

ஆவடிவாசி
எனக்கும் இதே பிரச்சினைதான். என் மனைக்குப் போகும் 12 அடிப் பாதையை முன்மனைக்காரர் கேட் போட்டு அடைத்துவிட்டார். பத்திரத்தில் "பொதுப் பாதையில் வண்டி வாகனம் சகிதம் போக்குவரத்துப் பாத்தியம்" என்று தெளிவாக இருக்கிறது. நானும் நோட்டீஸ் விடலாமா?

கீழமைமன்றம்
ஆவடிவாசி, உங்களுடையது வேறு விஷயம். அடுத்தவர் நிலத்தின் மேல் நடந்து போகிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. இங்கே கேள்வி, ஒருவர் தன் சொந்த நிலத்தில் ஒன்றைச் செய்யாமல் இருக்க வேண்டுமா என்பது. தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம். கேட் போட்ட தேதியை மட்டும் இப்போதே குறித்து வையுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள்.

பொன்மலைக்காரர், கிழக்குப் பக்கம் தோண்டுவதை உடனே நிறுத்துங்கள். மேற்குப் பக்கம் வேலை நடக்கட்டும். நோட்டீஸ் கையில் வாங்கிய பிறகு கட்டி முடித்துவிட்டு "கட்டிவிட்டேனே" என்று சொன்னால் கோர்ட்டில் எடுபடாது. இடித்துத் தரச் சொல்லிக்கூட உத்தரவு வரலாம்.

பத்திரக்காரர் சொன்னது சட்டத்தின் முதல் பத்தி. 11-ஆம் பிரிவு அப்படித்தான் தொடங்குகிறது. முழுக் கிரயம் வாங்கியவர், அந்த நிபந்தனையே இல்லாதது மாதிரி சொத்தை அனுபவிக்கலாம். ஆனால் அதற்குக் கீழே இரண்டாவது பத்தி இருக்கிறது. விற்றவர் தன்னிடம் உள்ள இன்னொரு நிலத்தின் நல்ல அனுபவத்துக்காக அந்த நிபந்தனையைப் போட்டிருந்தால், முதல் பத்தி அதைத் தொடாது. உங்கள் பத்திரத்தில் "என் வசமுள்ள வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் வர" என்று எழுதியிருக்கிறதே, அந்த ஒரு வரிதான் 10 அடி நிபந்தனைக்கு உயிர் கொடுக்கிறது. 24 சென்ட்டையும் மொத்தமாக விற்றுவிட்டு இதே நிபந்தனையை அவர் போட்டிருந்தால், அன்றைக்கே அது செல்லாமல் போயிருக்கும்.

இது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே. அடுத்து வாங்கியவருக்கு வரும்போது 40-ஆம் பிரிவு. நிபந்தனை தெரிந்து வாங்கியவரை அது கட்டுப்படுத்தும். பணம் கொடுத்து, தெரியாமல் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே உங்கள் கேள்வியை, "எனக்குத் தெரியும் என்று சட்டம் கருதுமா?" என்று மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொன்மலைக்காரர்
உண்மையிலேயே தெரியாது மேடம். பேங்க் லோனுக்கு வக்கீல் ஒப்பீனியன் வாங்கினோம். அதிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கீழமைமன்றம்
நம்புகிறேன். ஆனால் சட்டம் பார்க்கிற "தெரியும்" வேறு. பதிவான பத்திரத்தின் மூலம் நடந்த மாற்றம் என்றால், அந்தச் சொத்தைப் பிறகு வாங்குகிற எவருக்கும் அந்தப் பத்திரம் தெரியும் என்றே 3-ஆம் பிரிவு வைத்துக்கொள்கிறது. போதாததற்கு உங்கள் 2006 பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். "1991-ஆம் வருடத்திய கிரயப் பத்திரப்படி எனக்கு முன் உரிமையாளருக்குப் பாத்தியப்பட்டு" என்கிற மாதிரி ஒரு வரி இருக்குமே?

பொன்மலைக்காரர்
இருக்கிறது. பத்திர எண்ணோடு இருக்கிறது.

கீழமைமன்றம்
அப்படியானால் அந்த எண்ணைப் பிடித்துத் தாய்ப்பத்திரத்தைப் படித்திருக்க வேண்டும் என்றுதான் எதிர்த்தரப்பு வாதிடும். அது வலுவான வாதம்.

வில்லங்கச் சான்று பற்றியும் சொல்லிவிடுகிறேன். எந்தத் தேதியில், யார் யாருக்கு, என்ன வகைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார் என்பதுதான் அதில் வரும். பத்திரத்தின் உள்ளே உள்ள ஷரத்துகள் வராது. 1991 கிரயம் உங்கள் சான்றில் ஒரு வரியாக வந்திருக்கும். "இந்தப் பத்திரத்தைப் போய்ப் படி" என்று அது உங்களுக்குச் சொன்னது அவ்வளவுதான். பத்திரத்தின் உள்ளே இருப்பது தெரிய வேண்டுமென்றால் நகல் போட்டுத்தான் ஆக வேண்டும்.

பத்திரக்காரர்
வக்கீல் அம்மா சொல்வதை மறுக்கவில்லை. நடைமுறையில் தாய்ப்பத்திரத்தை யார் வரிக்கு வரி படிக்கிறார்கள்? சரி, ஒரு வழி சொல்கிறேன். சார் தன் மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி வைத்துவிடட்டும். அவருக்கு எதுவும் தெரியாது. தெரியாமல் பெற்றவரைக் கட்டுப்படுத்தாது என்றால் அதோடு முடிந்தது.

கீழமைமன்றம்
தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 40-ஆம் பிரிவு பாதுகாப்பது பணம் கொடுத்துத் தெரியாமல் வாங்கியவரை மட்டும். தானமாகவோ செட்டில்மென்ட்டாகவோ பெற்றவருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் நிபந்தனை கூடவே போகும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வீணாகும். அதோடு நோட்டீஸ் வந்த பிறகு அவசரமாக எழுதிய பத்திரம் என்றால், நிபந்தனைக்குப் பயந்து செய்தது என்று நீங்களே எழுத்தில் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கிராய்டன் தமிழன்
இந்த விஷயத்தின் வேர் நான் இருக்கிற ஊரில் இருக்கிறது. லண்டன் லெஸ்டர் சதுக்கத்தின் நடுவில் உள்ள தோட்டத்தை டல்க் என்பவர் 1808-ல் விற்றார். சுற்றி இருந்த வீடுகளை அவரே வைத்துக்கொண்டார். தோட்டத்தில் கட்டடம் கட்டாமல், நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதினார். கை மாறி மாறி மாக்ஸே என்பவரிடம் அது வந்தது. அவருடைய பத்திரத்தில் அந்த நிபந்தனை இல்லை, ஆனால் அவருக்கு அது தெரியும். கட்டப் போனார், 1848-ல் நீதிமன்றம் தடுத்துவிட்டது. தெரிந்தே வாங்கிவிட்டு, என் பத்திரத்தில் இல்லை என்று சொல்ல முடியாது என்பதுதான் காரணம். ஆகவே பொன்மலைக்காரரே, நான்கு நிபந்தனையும் உங்களைக் கட்டுப்படுத்தும். எழுதியது எழுதியதுதான்.

கீழமைமன்றம்
வழக்கைச் சரியாகச் சொன்னீர்கள். முடிவுதான் கொஞ்சம் நீண்டுவிட்டது. அந்த வழக்கிலேயே, கட்டாதே என்கிற பாதியைத்தான் மாக்ஸேமேல் அமல்படுத்தினார்கள். செலவு செய்து ஒன்றைச் செய் என்கிற கடமை அடுத்தடுத்து வாங்குபவர்மேல் ஏறாது என்று உங்கள் ஊர் நீதிமன்றங்களே பிற்பாடு தெளிவாகச் சொல்லிவிட்டன. நம் 40-ஆம் பிரிவும் ஒருவர் தன் சொத்தை இன்ன விதத்தில் அனுபவிப்பதைத் தடுக்கிற உரிமையைப் பற்றித்தான் பேசுகிறது.

அதனால் சுவர் நிபந்தனையை ஒதுக்கிவிடலாம். அது 1991-ல் வாங்கியவர் கொடுத்த வாக்கு. உங்களிடம் வந்து வெள்ளையடிக்கச் சொல்ல முடியாது.

வாரிசுகளுக்கு மட்டும், அதுவும் பழைய விலைக்கே விற்க வேண்டும் என்பது 10-ஆம் பிரிவில் அடிபடும். வேறு யாருக்கும் விற்க முடியாமல், விலையையும் 1991-லேயே நிறுத்திவைத்தால், அது விற்கவே கூடாது என்பதற்குச் சமம். "விற்பதாக இருந்தால் முதலில் என்னைக் கேள்" என்று மட்டும் எழுதியிருந்தால் கதை வேறு. அப்படி முதலில் வாங்கும் உரிமை அடுத்த தலைமுறையையும் கட்டுப்படுத்தும் என்று 1966-ல் ராம் பரன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் நோட்டீஸில் அதைக் கேட்டிருக்கிறார்களா?

பொன்மலைக்காரர்
இல்லை. 10 அடியும் கடையும்தான் கேட்டிருக்கிறார்கள்.

கீழமைமன்றம்
நினைத்தேன். அவர்கள் வக்கீலுக்கு வேலை தெரிகிறது.

கடை விஷயத்தில் இரண்டு பக்கமும் பேச இடம் இருக்கிறது. 10 அடி நிபந்தனையில் யாருக்காக என்று எழுதியிருக்கிறார்கள். வியாபாரம் கூடாது என்பதில் அது இல்லை. பக்கத்து வீட்டின் அமைதிக்காகத்தான் என்று அவர்கள் சொல்வார்கள், முழுப் பத்திரத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்வார்கள். நீங்கள், அது வெறும் கட்டளை, 11-ஆம் பிரிவின் முதல் பத்தியில் செத்துவிட்டது என்பீர்கள். அந்தத் தெருவில் வேறு கடைகள் உண்டா?

பொன்மலைக்காரர்
எதிரிலேயே மளிகைக் கடையும் ஒரு ஜெராக்ஸ் கடையும் இருக்கின்றன. மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது மனை. இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அந்த 10 அடியிலேயே 2012-ல் கார் நிறுத்த தகர ஷெட் போட்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. அப்புறம், கிழக்கு வீட்டுக்காரர் 2019-ல் வீட்டைப் புதுப்பித்தபோது எங்கள் பக்கத்து ஜன்னல்களில் மூன்றைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். இப்போது அந்தச் சுவரில் ஏசியின் வெளிப்பெட்டியும் ஒரே ஒரு சமையலறை ஜன்னலும்தான் இருக்கின்றன. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பவர் ஜன்னலை ஏன் அடைத்தார்?

கீழமைமன்றம்
இது முக்கியமான விஷயம். சுவரை இன்றே தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். அடைத்த ஜன்னலில் பூச்சு வேறு நிறத்தில் தெரிந்தால் அதைக் கிட்டத்தில் எடுங்கள். வழக்கு வந்தால் கோர்ட் நியமிக்கிற அட்வகேட் கமிஷனர் வந்து பார்ப்பார், அதற்குள் புதிதாக வெள்ளையடித்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

ஆனால் இதை வைத்து நிபந்தனை தானாகவே ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சமையலறை ஜன்னல் ஒன்று மிச்சம் இருக்கிறது, நாளைக்கே மற்றதையும் திறந்துகொள்வேன் என்று அவர் சொல்லலாம். உறுத்துக்கட்டளை என்கிற தடை உத்தரவைக் கொடுப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்புரிமை. அந்த விருப்புரிமையை உங்கள் பக்கம் திருப்பத்தான் இது உதவும். தடை கொடுக்காமல் நஷ்டஈட்டோடு முடிக்கவும் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தில் இடம் உண்டு.

ஷெட் விஷயமும் அப்படித்தான். மீறல் நடக்கும்போது பேசாமல் இருந்து சம்மதித்தவருக்குத் தடை உத்தரவு கிடைக்காது என்று 41-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நாலு தூண் நட்டு மேலே தகரம் போட்டதைப் பொறுத்துக்கொண்டவர், இரண்டு மாடிச் சுவரையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த முன்சீப்பும் சுலபமாகச் சொல்லமாட்டார்.

கிராய்டன் தமிழன்
இங்கே இப்படிப் பழசாகிப்போன நிபந்தனையை நீக்கவோ மாற்றவோ 1925-ஆம் வருடத்துச் சட்டத்தின் 84-ஆம் பிரிவில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே அப்படி ஒன்றும் இல்லையா?

கீழமைமன்றம்
அதற்கென்று தனித் தீர்ப்பாயம் இங்கே இல்லை. இந்த நிபந்தனை செல்லாது என்று அறிவிக்கும்படி சிவில் கோர்ட்டில் விளம்புகை கேட்கலாம், அது வழக்கமான சிவில் வழக்கின் வேகத்தில்தான் நகரும்.

செல்வி_நெல்லை
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் லேஅவுட்டில் எல்லாப் பத்திரத்திலும் "தரைத்தளமும் முதல் தளமும் மட்டும், அடுக்குமாடி கூடாது" என்று புரொமோட்டர் எழுதியிருக்கிறார். அவர் எல்லா மனைகளையும் விற்றுவிட்டுப் போய்விட்டார். மூலை மனையில் இப்போது எட்டு பிளாட் கட்டப் போகிறார்கள். புரொமோட்டருக்கு நிலமே இல்லையே, அப்படியானால் நிபந்தனை செல்லாதா?

கீழமைமன்றம்
புரொமோட்டர் வந்து கேட்க முடியாது, அவரிடம் காப்பாற்ற வேண்டிய நிலம் இல்லை. ஆனால் எல்லாப் பத்திரத்திலும் ஒரே வாசகம் இருந்தால், ஒவ்வொருவரும் மற்றவருக்காக ஒப்புக்கொண்டது என்று மனைக்காரர்கள் நீங்கள் வாதிடலாம். ஒரு பத்திரத்தை மட்டும் வைத்து அதை நிரூபிக்க முடியாது. முடிந்தவரை எல்லாருடைய நகலையும் சேருங்கள். பாதிப் பேர் பத்திரத்தில் அந்த வரி இல்லை என்றால் வழக்கு பலவீனமாகிவிடும்.

மதுரைவக்கீல்
தொழிலில் இருப்பவன் என்கிற முறையில் ஒரு மாறுபட்ட கருத்து. மேடம் ஒன்றை விட்டுவிட்டார். 11-ஆம் பிரிவின் இரண்டாவது பத்தி காப்பாற்றுவது "விற்றவருக்கு உள்ள உரிமையை". நோட்டீஸ் விட்டவர் விற்றவர் இல்லை, வாரிசும் இல்லை. 2017-ல் வீட்டை வாங்கிய மூன்றாம் மனிதர். 1991 பத்திரத்தில் "எனக்கும் எனக்குப் பின் மேற்படி வீட்டை அடைபவர்களுக்கும்" என்று எழுதவில்லை. என் பார்வையில் அவருக்கு வழக்குப் போடவே பாத்தியம் இல்லை.

கீழமைமன்றம்
நான் அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன். 40-ஆம் பிரிவு "தன் சொத்தின் நல்ல அனுபவத்துக்காக" உரிமை உள்ள நபர் என்கிறது, விற்றவர் என்று சொல்லவில்லை. வெளிச்சம் வீட்டுக்குத்தானே? வீட்டை விற்கும்போது அதோடு ஒட்டிய உரிமைகளும் போகும் என்று 8-ஆம் பிரிவு இருக்கிறது.

மதுரைவக்கீல்
8-ஆம் பிரிவு நிலத்தில் உள்ள உரிமையைக் கடத்தும். 40-ஆம் பிரிவின் ஆரம்பமே இது நிலத்தில் உள்ள உரிமையும் அல்ல, பாதை மாதிரி வசதியுரிமையும் அல்ல என்று பிரித்துச் சொல்கிறது. இது ஒப்பந்தத்திலிருந்து வந்த உரிமை. எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் போகும்.

கீழமைமன்றம்
அப்படியானால் வீட்டை விற்ற அன்றே நிபந்தனை அந்தரத்தில் தொங்கும். வீடு இல்லாத வாரிசுகளால் கேட்க முடியாது, வீடு உள்ளவராலும் முடியாது. சட்டம் அதை நினைத்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வாதத்தை நான் தள்ளவில்லை, பொன்மலைக்காரரின் பதிலுரையில் முதல் பாராவாகவே அதை வைக்கலாம். அதை மட்டும் நம்பி 990 சதுர அடியில் கான்கிரீட் போட வேண்டாம் என்கிறேன்.

இரண்டு பேரும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. அவருடைய 2017 பத்திரத்தைப் பார்க்க வேண்டும். அதில் மேற்கு எல்லையை எப்படி எழுதியிருக்கிறார்கள், இந்த உரிமையைச் சேர்த்து விற்றார்களா என்பதில் பாதி வழக்கு இருக்கிறது.

பொன்மலைக்காரர்
அவர் பத்திரத்தை எனக்கு எப்படிக் கொடுப்பார்கள்?

பத்திரக்காரர்
அது நம் ஏரியா சார். கிரயப் பத்திரம் எல்லாம் முதலாம் புத்தகத்தில் பதிவாகும், யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு நகல் வாங்கலாம். உயில் மாதிரி கிடையாது. அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டால் பத்திர எண் வந்துவிடும். இன்னொன்று, உங்கள் பத்திரத்தில் உங்களுக்கு விற்றவர் "யாதொரு வில்லங்க விவகாரமும் இல்லை, பின்னிட்டு ஏதும் தெரியவந்தால் என் சொந்தப் பொறுப்பிலும் செலவிலும் தீர்த்துத் தருகிறேன்" என்று எழுதியிருப்பாரே?

பொன்மலைக்காரர்
அப்படியே இருக்கிறது.

மதுரைவக்கீல்
அவருக்கும் இந்த வாரமே ஒரு நோட்டீஸ் விடுங்கள். பதிவான பத்திரம்தானே, நீங்களே பார்த்திருக்கலாமே என்று அவர் சொல்வார். ஆனால் அந்த வரி தனி வாக்குறுதி, அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். தெரிந்த தேதியிலிருந்து நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

பொன்மலைக்காரர்
எல்லோருக்கும் நன்றி. 2017 பத்திரம் கிடைத்தது. மேற்கு எல்லையில் என் மனையைப் பத்தோடு பதினொன்றாகச் சொல்லியிருக்கிறார்கள், 10 அடி பற்றி எதுவும் இல்லை. ஆனால் கடைசியில் "மேற்படி சொத்தைச் சேர்ந்த சகல பாத்தியங்களும் வழிநடை, காற்று, வெளிச்ச உரிமைகளும் சகிதம்" என்று ஒரு வரி இருக்கிறது.

மதுரைவக்கீல்
அது எல்லாப் பத்திரத்திலும் வருகிற அச்சு வாசகம். அதை வைத்து 1991 ஒப்பந்தம் கைமாறியது என்று சொல்ல முடியாது.

கீழமைமன்றம்
அச்சு வாசகமாக இருந்தாலும் "வெளிச்சம்" என்று இருக்கிறதே. நான் அவர்கள் பக்கம் ஆஜரானால் அந்த வரியை அடிக்கோடிட்டுத்தான் தாக்கல் செய்வேன்.

சமரசத்துக்கு வருகிறார்களா என்று பாருங்கள். பிளான் அனுமதிக்கு அந்தப் பக்கம் எப்படியும் கொஞ்சம் இடம் விட்டே ஆக வேண்டும். அதனால் சண்டை முழு 10 அடிக்கும் இல்லை, மிச்சம் உள்ள சில அடிகளுக்குத்தான். சமையலறை ஜன்னல் எதிரே மட்டும் முழுவதும் விட்டு, மற்ற இடத்தில் குறைத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் அவர் கையால் உரிமை விடுதலைப் பத்திரம், அளவு போட்ட வரைபடத்தோடு, பதிவு செய்து வாங்குங்கள். கடை நிபந்தனையையும் அதிலேயே சேர்த்து விடுதலை வாங்கிவிடுங்கள். வெள்ளைத்தாளில் எழுதினால், நாளைக்கு அவரிடமிருந்து வாங்குபவர் இன்னொரு நோட்டீஸோடு வருவார்.

பொன்மலைக்காரர்
நேற்று நேரில் போய்ப் பேசினேன். 10 அடி பற்றிப் பேசலாம், வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கடை வேண்டவே வேண்டாம் என்கிறார், வாசலில் வண்டி நிற்குமாம். கிழக்குப் பக்கக் குழியை மூடிவிட்டேன். மேற்கிலிருந்து 34 அடிக்குள் பிளானை மாற்றித் தரும்படி இன்ஜினியரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த அகலத்தில் கடையும் மாடிப்படியும் சேர்ந்து வருமா என்று அளந்துகொண்டிருக்கிறார்.